ஒன்றரைப் புள்ளிக் கோடு

மேசையில் 14 அங்குல லேப்டாப், அதோடு இணைத்த 24 அங்குல மானிட்டர். இன்று பல அலுவலகங்களில் இதுதான் அமைப்பு. பழைய கணக்கு மென்பொருள் ஒன்றை மானிட்டருக்கு இழுத்துப் போட்டதும் அதன் எழுத்து மங்கிவிடுகிறது. பக்கத்திலேயே திறந்திருக்கும் பிரவுசரில் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. உடனே கேபிளை மாற்றிப் பார்க்கிறார்கள், மானிட்டரைக் குறை சொல்கிறார்கள், கண்ணைச் சோதித்துக்கொள்கிறார்கள். கேபிளோ மானிட்டரோ கெட்டிருந்தால் பிரவுசரும் மங்கியிருக்க வேண்டும். ஒரு மென்பொருள் மட்டும் மங்குகிறது என்றால், அதன் எழுத்தை யார் வரைகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இரண்டு திரையிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே என்று வைத்துக்கொள்வோம்: அகலத்தில் 1920, உயரத்தில் 1080. ஆனால் லேப்டாப்பில் அவை நெருங்கிக் கிடக்கின்றன, ஓர் அங்குலத்துக்குச் சுமார் 157. பெரிய மானிட்டரில் சுமார் 92 தான். நூறு புள்ளி அகலமுள்ள ஒரு பொத்தான் மானிட்டரில் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் இருக்கும். லேப்டாப்பில் அதுவே 16 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் விண்டோஸ் அமைப்புகளில் Scale என்ற எண் இருக்கிறது. அதை லேப்டாப்புக்கு 150% என்று வைத்தால் அதே பொத்தானுக்கு 150 புள்ளி கிடைக்கும். மானிட்டர் 100 சதவீதத்திலேயே இருக்கும்.

எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று சிலர் Scale-ஐ விட்டுவிட்டு ரெசல்யூஷனைக் குறைத்துவிடுகிறார்கள். அது தவறு. திரையில் உண்மையாக உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையிலேயே ரெசல்யூஷன் இருக்க வேண்டும். குறைத்தால் எல்லா மென்பொருளும் சேர்ந்தே மங்கும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? தன் அளவைத் தானே மாற்றிக்கொள்வது ஒவ்வொரு மென்பொருளின் பொறுப்பு. புதிய பிரவுசர்கள் ஒவ்வொரு திரையின் சதவீதத்தையும் கேட்டு, அதற்கேற்ப எழுத்தைப் புதிதாக வரைகின்றன. எல்லாத் திரையும் 100 சதவீதம் என்று நம்பி எழுதப்பட்ட பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. அது வரைந்து கொடுத்ததை ஒரு படமாக எடுத்து, விண்டோஸே ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்டுகிறது. ‘ட’வின் செங்குத்துக் கோடு ஒரு புள்ளி அகலம் என்றால், இழுத்தபின் அது ஒன்றரைப் புள்ளி. அரைப் புள்ளி என்று எந்தத் திரையிலும் கிடையாது. அதனால் ஒரு புள்ளி கறுப்பாகவும் அடுத்தது சாம்பல் நிறமாகவும் விழுகிறது. எழுத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் இந்தச் சாம்பல் படிந்து நிற்பதைத்தான் நாம் மங்கல் என்கிறோம். மெல்லிய கோடும் சுழியும் நிறைந்த தமிழ் எழுத்தில் இது கண்ணை இன்னும் உறுத்தும்.

இன்னொரு வகை மென்பொருள் பாதி விவரம் தெரிந்தது. நாம் விண்டோஸுக்குள் நுழையும்போது முதன்மைத் திரையின் சதவீதம் என்னவோ, அதை ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளும். பிறகு எந்தத் திரைக்குப் போனாலும் அதே அளவில்தான் வரையும். லேப்டாப் முதன்மைத் திரையாக இருந்தால் அது 150 சதவீதத்தில் வரையும், லேப்டாப்பில் தெளிவாகவும் இருக்கும். மானிட்டருக்கு இழுத்ததும் விண்டோஸ் அதை மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கும். இரண்டு புள்ளிக் கோடு ஒன்றே கால் புள்ளிக்குச் சற்று மேலாகிவிடும், மறுபடி சாம்பல்தான். மேலே சொன்ன கணக்கு மென்பொருளுக்கு நேர்ந்தது இதுவே.

ஆக, எந்தத் திரையில் மங்குகிறது என்பதே முதல் துப்பு. 150 சதவீத லேப்டாப்பில் மங்கி 100 சதவீத மானிட்டரில் தெளிந்தால், அது எதுவும் அறியாத வகை. லேப்டாப்பில் தெளிந்து மானிட்டரில் மங்கினால், முதன்மைத் திரையை மட்டும் அறிந்த வகை. உறுதிப்படுத்திக்கொள்ள Task Manager-ஐத் திறந்து Details பகுதிக்குப் போகலாம். அங்கே தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து, Select columns வழியாக DPI Awareness என்ற பத்தியைச் சேர்த்தால், முதல் வகைக்கு நேரே Unaware என்றும் இரண்டாவதுக்கு System என்றும் இருக்கும். Per-Monitor என்று வந்தால் அந்த மென்பொருள் ஒவ்வொரு திரையையும் தனித்தனியே அறியும்.

இரண்டாவது வகைக்குத் தீர்வு எளிது. அந்த மென்பொருளை எந்தத் திரையில் அதிகம் பயன்படுத்துகிறோமோ அதையே முதன்மைத் திரையாக்க வேண்டும். Display அமைப்பில் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து Make this my main display என்பதைக் குறித்துவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, பலனில்லை என்று கைவிடுகிறார்கள். மென்பொருள் வைத்திருக்கும் பழைய எண் அந்த நுழைவின்போது மாறிவிடும்.

முதல் வகைக்கு அந்த மென்பொருளின் .exe கோப்பில் வலது கிளிக் செய்து Properties, அதில் Compatibility, அதற்குள் Change high DPI settings என்று போக வேண்டும். கீழே Override என்று தொடங்கும் கட்டத்தைக் குறித்தால் மூன்று தேர்வுகள் வரும். நான் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வது System (Enhanced). 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த இந்த வசதி, படத்தை இழுப்பதற்குப் பதிலாக எழுத்தையே பெரிய அளவில் வரையவைக்கிறது. விண்டோஸின் பழைய வரைமுறையில் எழுதப்பட்ட மென்பொருளில் எழுத்து சட்டென்று தெளிந்துவிடும். ஐகான்களும் படங்களும் மங்கலாகவே இருக்கும். Application என்பதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் தலையிடாமல் விலகிக்கொள்ளும். எழுத்து கூர்மையாகும், ஆனால் லேப்டாப்பில் எறும்பளவுக்குச் சிறுத்துவிடும்.

விண்டோவின் அளவு கோணலாவது இதே கதையின் மறுபக்கம், அது பெரும்பாலும் நன்றாக எழுதிய மென்பொருளில்தான் தெரியும். 100 சதவீத மானிட்டரில் 1200-க்கு 800 புள்ளியில் ஒரு பெட்டி திறந்திருக்கிறது. அதை 150 சதவீத லேப்டாப்புக்கு இழுக்கிறோம். பாதிக்கு மேல் எல்லை தாண்டியதும், சதவீதம் மாறிவிட்டது என்று விண்டோஸ் செய்தி அனுப்பும். பெட்டி ஒரே தாவலில் 1800-க்கு 1200 ஆகிவிடும். லேப்டாப்பின் உயரமோ 1080 தான். கீழே இருக்க வேண்டிய OK பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். விளிம்பைப் பிடித்து இழுக்க முடியாத பெட்டி என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். விண்டோஸ் விசையையும் Shift-ஐயும் அழுத்தியபடி பக்கவாட்டு அம்புக்குறியைத் தட்டினால் பெட்டி மானிட்டருக்குத் திரும்பும்.

இது அடிக்கடி நடந்தால் லேப்டாப்பின் Scale-ஐ 125 சதவீதமாகக் குறைப்பது நல்லது. அப்போது 800 புள்ளிப் பெட்டி 1000 ஆகும். டாஸ்க்பார் போக மிச்சமிருக்கும் ஏறத்தாழ 1020 புள்ளிக்குள் அது அடங்கிவிடும். எழுத்து கொஞ்சம் சிறுக்கும், படிக்கச் சிரமம் இராது. இதற்காக Custom scaling பெட்டியில் 137 போன்ற எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டாம். அந்த எண் எல்லாத் திரைக்கும் பொதுவாகிவிடும், மானிட்டரில் எழுத்து தேவையில்லாமல் பெருக்கும்.

சில பழைய மென்பொருள் எந்தத் தேர்வுக்கும் மசியாது. திரை முழுவதையும் படமாகவே வரைந்து தள்ளும் வகை அது. அதை 100 சதவீத மானிட்டரிலேயே திறந்து, அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விண்டோஸ் எதையும் இழுக்கவேண்டியதில்லை.