சம்பளம் இல்லாத இன்டர்ன்: யாருக்காக யார்?

'பிளாக் ஸ்வான்' படம் 2010-இல் வெளிவந்தது. சுமார் 1.3 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நடாலி போர்ட்மேனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் படத்துக்காக நியூயார்க்கில் மாதக்கணக்கில் உழைத்த எரிக் கிளாட்டுக்கும் அலெக்சாண்டர் ஃபுட்மேனுக்கும் சம்பளமாக ஒரு டாலரும் கிடைக்கவில்லை. அவர்கள் இன்டர்ன்கள்.

கிளாட் எம்.பி.ஏ. படித்தவர். கணக்குப் பிரிவில் பில்களைச் சரிபார்த்தார், ஊழியர் கோப்புகளுக்கு ஆவணங்கள் சேகரித்தார், சக ஊழியர்களின் சம்பளக் காசோலைகளை வாங்கி வந்தார். தனக்கு வராத சம்பளத்தை மற்றவர்களுக்குச் சுமந்து வந்தார் என்பதை யாரும் கற்பனை செய்து சேர்க்கவில்லை. நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. திரைப்படக் கல்வி முடித்த ஃபுட்மேன் காபி வாங்கினார், மதிய உணவுக்கு ஆர்டர் எடுத்தார், குப்பையைக் கொட்டினார். 2011-இல் இருவரும் ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள்.

ஜெர்மானிய தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785-இல் வகுத்த ஒரு விதியை இந்த வழக்கில் வைத்துப் பார்க்கலாம். எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாதே, அவரும் தன்னளவில் ஒரு நோக்கம் என்பதை மறக்காதே என்கிறது அது. பிறரைப் பயன்படுத்தவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஊருக்குப் போக பஸ் கண்டக்டரை நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். அவரோ தன் குடும்பத்துக்காக அந்த வேலையைப் பார்க்கிறார். இருவர் நோக்கத்துக்கும் அங்கே இடம் இருக்கிறது. ஒருவருடைய நோக்கத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் அவரைப் பயன்படுத்துவதுதான் தவறு.

"அவர்கள் சம்மதித்துத்தானே வந்தார்கள்?" என்று முதலாளிகள் கேட்பார்கள். கான்ட் தரும் உதாரணம் ஒன்று இங்கே உதவும். திருப்பித் தர மாட்டோம் என்று தெரிந்தே, தருவதாக வாக்குக் கொடுத்து ஒருவன் கடன் வாங்குகிறான். கொடுத்தவர் சம்மதித்தது கடனுக்கு. பணத்தை இழப்பதற்கு அல்ல. வாங்கியவனின் உண்மையான நோக்கம் தெரிந்திருந்தால் அவர் அதில் பங்கெடுத்திருக்கவே முடியாது. "தொழில் கற்றுத் தருகிறோம்" என்று அழைத்து, ஓர் உதவியாளரின் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் ஒருவரை உட்கார வைத்தால் அதுவும் இந்த ரகம்தான்.

ஆனால் சம்பளம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்று எங்கே இருக்கிறது? பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஒனோரா ஓ'நீல் கான்ட்டை வாசித்த விதத்தில் இதற்குப் பதில் உண்டு. மறுக்க வழி இருந்தால்தான் சம்மதத்துக்கு மதிப்பு. ஒரு துறையில் நுழையவே சில மாதங்கள் இலவசமாக உழைக்க வேண்டும் என்றால், வீட்டு வாடகை கட்ட வேறு வழி உள்ளவர் 'சரி' என்பார். மற்றவர் அந்தத் துறையையே விட்டுவிடுவார். பேரம் பேச இருவராலும் முடியாது. குறைந்தபட்சக் கூலி வேண்டாம் என்று ஊழியரே எழுதிக் கொடுத்தாலும் அமெரிக்கச் சட்டம் அதை ஏற்பதில்லை. ஒருவர் விட்டுக்கொடுத்தால் அடுத்தவரும் விட்டுக்கொடுக்க நேரும் என்பது அதன் காரணங்களில் ஒன்று.

அப்படியானால் கூலி இல்லாத பயிற்சி எல்லாமே தவறா? இல்லை. 1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு ரயில்வே வழக்கை விசாரித்தது. பிரேக்மேன் வேலைக்கு வருபவர்களுக்கு ஏழெட்டு நாள் பயிற்சி. பக்கத்தில் ஓர் ஊழியர் நின்று கவனிப்பார். அவர்களால் எந்த ஊழியரின் வேலையும் குறையவில்லை, சில சமயம் தாமதம்தான் ஆனது. அவர்கள் ஊழியர்கள் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. கான்ட்டின் அளவுகோலிலும் இந்தப் பயிற்சி தேறும் என்றே எனக்குப் படுகிறது, ஏனென்றால் அங்கே கற்பவரின் நோக்கமே ஏற்பாட்டின் மையம்.

'பிளாக் ஸ்வான்' அலுவலகத்தில் அப்படி இல்லை. இந்த இருவரும் இல்லையென்றால் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்க வேண்டும் என்று கண்ட நீதிபதி வில்லியம் பாலி, 2013-இல் அவர்களை ஊழியர்கள் என்றே தீர்ப்பளித்தார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயனடைந்தது நிறுவனமா, இன்டர்னா என்று பல அம்சங்களையும் சேர்த்து எடை போட வேண்டும் என்றது. 2018-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் இந்த அளவுகோலை ஏற்றது.

கான்ட் இந்தத் தராசைத் தொடமாட்டார். ஃபுட்மேன் அந்த அலுவலகத்தில் நிறையவே கற்றிருக்கலாம், நாலு பேரின் அறிமுகமும் கிடைத்திருக்கலாம். இருந்தும், கூலி கொடுத்து வாங்க வேண்டிய உழைப்பை அவரிடம் சும்மா வாங்கினார்கள் என்பது மாறாது. தற்செயலாக ஒருவருக்குக் கிடைத்த லாபம், அவரை மதித்து நடத்தியதற்குச் சாட்சி ஆகாது. பட்டதாரிக்கு இப்படியோர் அழைப்பு வந்தால், "நாளை நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்?" என்று கேட்டுப் பார்க்கட்டும். சம்பளம் வாங்கும் இன்னொருவர் என்பது பதிலானால், அவருக்கும் அந்தச் சம்பளம் வர வேண்டும்.

வழக்கு 2016-இல் சமரசத்தில் முடிந்தது. முன்னின்று போராடியவர்களுக்குச் சில ஆயிரம் டாலர். மற்ற இன்டர்ன்களுக்கு ஆளுக்கு 495 டாலர்.