மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர்... திருநர் தேர்வர்கள் என்ன செய்யணும்?

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பழைய பெயர், ஆண் என்று பாலினம். ஆதாரில் புதிய பெயர், மூன்றாம் பாலினம். அரசுத் தேர்வுக்கு எந்தப் பெயரில் பதிவு செய்யணும்?

இது சின்ன விஷயம் இல்லை. திருநங்கை பிரித்திகா யாஷினியின் எஸ்.ஐ. தேர்வு விண்ணப்பம், சான்றிதழ்களில் இருந்த பெயரோடு பொருந்தவில்லை என முதலில் நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் போய்த்தான் அவர் தேர்வு எழுதினார்.

பாலினத்துக்கு ஆதாரம், மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாளச் சான்றிதழ். பெயருக்கு ஆதாரம், அரசிதழ் அறிவிப்பு. அதில் பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே தாளில் இருக்கும். ரெண்டும் ஒரே ஆளுதான் என்று அதுவே காட்டும்.

ஆட்சியர் சான்றிதழைக் காட்டி மார்க் ஷீட்டையும் திருத்தக் கேட்கலாம். விண்ணப்பித்த 15 நாளில் திருத்தித் தரணும் என்கின்றன 2020-ம் ஆண்டு விதிகள். நடைமுறையில் தாமதமாகலாம் என்பதால், தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதற்குள் கடைசி தேதி வந்துட்டா? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர் வேணும் என அறிவிப்பு சொன்னால், பழைய பெயரிலேயே பதிவு செய்யலாம். ஆனா ஹால் டிக்கெட்டும் ஆதாரும் பொருந்தாமல் தேர்வு மைய வாசலிலேயே சிக்கல் வரும். அதனால அரசிதழ் நகலைத் தேர்வு நாளிலும், சான்றிதழ் சரிபார்ப்பு நாளிலும் கையில் வைத்திருக்கணும்.