பெட்டி மூடியில் ஒட்டிய தாள்

எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழு ஒன்று இருக்கிறது. ஞாயிறு மாலை கூட்டம். அதன் ஊக்குநர் அக்கா ஒருநாள் போனை நீட்டி, "தம்பி, இந்தப் படம் திறக்க மாட்டேங்குது, பாருங்க" என்றார். கடன் விண்ணப்பத்துக்காக, போன வருடம் எழுதிய தீர்மானத்தின் நகலை வங்கியில் கேட்டிருக்கிறார்கள். தீர்மானப் புத்தகம் தணிக்கைக்குப் போயிருந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஞாபகம் அவருக்கு இருந்தது. போட்டதும் உண்மைதான். ஆனால் நடுவில் போன் மாறியதில் பழைய படங்கள் மங்கலான கட்டங்களாக நின்றுவிட்டன. வேறொரு உறுப்பினரின் போனில் படம் திறந்தது. அதில் கையெழுத்துகள் தெரிந்தன, தொகைகள் தெரியவில்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். முகத்துக்கு அது போதும், பேனாவில் பொடியாக எழுதிய எண்களுக்குப் போதாது.

அதன்பிறகுதான் கூட்டப் படங்களையும் பேரேட்டுப் பக்கங்களையும் கூகுள் டிரைவில் சேர்ப்பது எப்படி என்று ஒரு பக்கத் தாள் எழுதித் தரச் சொன்னார். முதலில் நான் எழுதியது எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்ற வரிசை. இரண்டே வாரத்தில் அது உதவாமல் போயிற்று. சிக்கல் பொத்தான்களில் இல்லை.

முதல் சிக்கல், கோப்பு யாருடையது என்பது. பிரதிநிதியின் மகள் கல்லூரியில் படிப்பவள். தன் ஜிமெயில் கணக்கில் ஒரு ஃபோல்டர் திறந்து, எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் டிரைவில் பகிர்ந்த ஃபோல்டர் என்பது பொதுப் பெட்டி அல்ல. ஒவ்வொரு கோப்பும் அதை ஏற்றியவருக்கே சொந்தம். அது பிடிக்கும் இடமும் அவர் கணக்கில்தான் கழியும். நாளைக்கு அவள் அந்தக் கணக்கை மூடினாலோ, இடம் போதவில்லை என்று பழையதை அழித்தாலோ, குழுவின் ரொக்கப் புத்தகமும் சேர்ந்து போகும். குப்பைக்குப் போன கோப்பு முப்பது நாள்தான் அங்கே இருக்கும்.

ஆகவே குழுவின் பெயரிலேயே ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கினோம். ஊக்குநர், பிரதிநிதி இருவர் போனிலும் அதை இரண்டாவது கணக்காகச் சேர்த்தோம். கடவுச்சொல்லை எழுதி உறையில் இட்டு ஒட்டி, மேலே மூவர் கையெழுத்துப் போட்டு, புத்தகப் பெட்டிக்குள் வைத்தார்கள். பொறுப்பாளர் மாறும் நாளில், கடவுச்சொல்லையும் கணக்கை மீட்கக் கொடுத்த கைபேசி எண்ணையும் மாற்றி, அதைத் தீர்மானமாகவே எழுத வேண்டும் என்று முடிவானது. மீட்பு எண் பழைய ஊக்குநருடையதாகவே இருந்துவிட்டால், கடவுச்சொல் மறந்த அன்று சரிபார்ப்புக் குறியீடு அவர் போனுக்குத்தான் போகும். வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றுவதைப் போலத்தான் இதுவும்.

கணக்கைச் சேர்த்த மறுவாரம் ஒரு வேடிக்கை. டிரைவில் இடம் மளமளவென்று குறைந்தது. பார்த்தால், பிரதிநிதியின் போனில் கூகுள் போட்டோஸ் காப்புப்பிரதி குழுக் கணக்குக்கு மாறியிருந்தது. பேரனின் காதுகுத்துப் படங்கள் முழுக்க அங்கே! இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். குழுக் கணக்கில் அந்தக் காப்புப்பிரதியை நிறுத்தினோம். மற்றபடி இடத்துக்குப் பஞ்சமில்லை. வாரம் மூன்று படம், நான்கு பக்க ஸ்கேன் என்றால் வருடத்துக்கு ஒரு ஜிபிகூட ஆகாது. வீடியோ மட்டும் வேண்டாம் என்றேன். ஒரு நிமிட வீடியோவே 100 எம்பியைத் தாண்டிவிடும்.

அடுத்து, பேரேடு. கேமராவில் படமாக எடுக்காமல், டிரைவ் செயலியிலேயே உள்ள ஸ்கேன் வசதியைப் பயன்படுத்தச் சொன்னேன். அது ஓரங்களை வெட்டி, பக்கத்தை நேராக்கி, பிடிஎஃப் கோப்பாகத் தரும். விரித்த புத்தகத்தை ஒரே மூச்சில் எடுக்கக்கூடாது. தையல் பக்கம் வளைந்து, பெரும்பாலும் தொகை எழுதிய பத்தியே மடிப்புக்குள் போய்விடும். ஒவ்வொரு பக்கமாக அழுத்திப் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். குழல் விளக்குக்குக் கீழே எடுத்தால் எடுப்பவரின் நிழலே பக்கத்தில் விழும். கறுப்பு வெள்ளை வேண்டாம், வண்ணத்திலேயே இருக்கட்டும். சிவப்பு மையில் போட்ட திருத்தமும் பென்சில் குறியும் கறுப்பு வெள்ளையில் மங்கிப்போகும்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? கணக்கு எழுதும் அக்காவிடமே அதற்கு ஒரு வழி இருந்தது. அந்த வாரம் தொடக்க இருப்பு 2,640 ரூபாய். பன்னிரண்டு பேர் சேமிப்பு ஆளுக்கு நூறாக 1,200, கடன் தவணை 3,500, வட்டி 210. ஆக 7,550. உள்கடன் கொடுத்தது 4,000, வங்கியில் கட்டியது 2,500. இறுதி இருப்பு 1,050. ஸ்கேனைத் திறந்து, விரலால் பெரிதாக்கிப் படித்தவர், "ஆயிரத்து அறுபதுன்னு இருக்கே!" என்றார். ஐந்தின் மேல்கோடு வெளிச்சத்தில் அழிந்து ஆறு மாதிரி தெரிந்தது. மறுபடி எடுத்தோம். அன்றிலிருந்து அவர் புத்தகத்தைப் பார்க்காமல், ஸ்கேனை மட்டும் வைத்துக் கூட்டிப் பார்க்கிறார். கூட்டல் வந்தால் ஸ்கேன் தேறியது.

எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். பிறகு திருத்தம் வந்தால் பழைய கோப்பை அழிக்காமல், பெயரின் கடைசியில் ஓர் எண் சேர்த்துப் புதிதாக ஏற்றுகிறோம். பெயர் இப்படி:

```
2025-03-09-rokkam-41.pdf
2025-03-09-theermanam-17.pdf
2025-03-09-kootam-1.jpg
```

வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புகள் தாமாகவே தேதிவாரியாக நிற்கும். கடைசி எண் புத்தகத்தின் பக்க எண். கூட்டப் படமும் அன்றைய தீர்மானமும் ஒரே தேதியில் தொடங்குவதால் எது எந்தக் கூட்டத்துடையது என்று தெரியும்.

ஒரு வாரம் பிரதிநிதி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். ஊக்குநர் போனில் ஒன்றையும் காணோம். வைஃபையில் மட்டும் அனுப்பு என்ற அமைப்பு டிரைவில் இயங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் வைஃபை ஏது? கோப்புகள் போனிலேயே வரிசையில் காத்துக் கிடந்தன. அமைப்பை மாற்றினோம். ஏற்றியவர் போனில் தெரிவதை நம்பாமல், மற்றவர் போனில் திறந்து பார்த்த பிறகே கூட்டம் கலைகிறது.

யாருக்குக் காட்டுவது என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். கூட்டப் படங்கள் உள்ள ஃபோல்டர் உறுப்பினர் எல்லோருக்கும் பகிரப்பட்டது, பார்க்க மட்டும். பேரேடுகளுக்கு இணைப்பு அனுப்புவதில்லை என்று முடிவானது. தவணை தவறியது யார் என்று அதில் இருக்கும். 'இணைப்பு உள்ள யாரும்' என்று ஒருமுறை திறந்துவிட்டால், அந்த இணைப்பு எந்தெந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? வங்கி கேட்டால் அந்த ஒரு கோப்பை மட்டும், அந்த ஒரு மின்னஞ்சலுக்கு. ஆதார் நகல்கள் டிரைவுக்குப் போவதே இல்லை.

இப்போது உள்ள தாளில் ஏழு வரிதான். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். அடியில் மீட்பு எண் யாருடையது என்று பெயர் எழுத ஓர் இடம் விட்டிருக்கிறது. அதை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறார் ஊக்குநர் அக்கா.