பைபாஸ் கொழுப்பு எந்த மாட்டுக்கு, எத்தனை நாளைக்கு?

கன்று ஈன்று மூன்று வாரமான ஒரு கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். ஹோல்ஸ்டீன் கலப்பு, 450 கிலோ எடை, நாளுக்கு 20 லிட்டர் கறவை. தீவனத் தொட்டி காலியாவதே இல்லை. ஆனாலும் மாடு நாளுக்கு நாள் இளைக்கிறது. ஈன்றபோது சதைப்பிடிப்பாக இருந்த இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, வாலடியின் இருபுறமும் குழி விழுகிறது.

காரணம் காலக்கணக்கில் இருக்கிறது. ஈன்ற ஆறாவது, எட்டாவது வாரத்துக்குள் பால் உச்சத்துக்கு ஏறிவிடும். மாட்டின் தீனி எடுக்கும் அளவு உச்சத்தைத் தொடுவதோ பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டித்தான். இடைப்பட்ட நாட்களில் மடிக்குப் போகும் சத்து வாய் வழியாக வரும் சத்தைவிட அதிகம். அந்தக் குறையை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டுகிறது. அளவு மீறிக் கரைந்தால் கல்லீரல் திணறி, கீட்டோசிஸ் வந்துவிடும். அப்போது மாடு அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் மெல்லும், மூச்சில் இனிப்பு வாடை அடிக்கும். நோய் வராத மாட்டிலும் சினைப்பருவம் தள்ளிப்போகும்.

தவிடும் புண்ணாக்கும் கூடுதலாக வைத்தால் போதாதா என்ற கேள்வி எழும். ஓரளவுக்கு மேல் போதாது. மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. வைக்கோலையும் புல்லையும் செரித்துத் தருவது அவைதான். நாம் போடும் தீவனத்தை முதலில் தின்பவையும் அவைதான். அடர்தீவனம் மிதமிஞ்சினால் அந்த வயிறு புளித்து, நார்ச்சத்துச் செரிமானமே கெட்டுவிடும். எண்ணெயை நேராக ஊற்றினாலும் அது நாரின் மேல் படிந்து நுண்ணுயிரிகளைத் தடுத்துவிடும்.

பைபாஸ் கொழுப்பு இந்தச் சிக்கலுக்குச் செய்யப்பட்டது. பனையெண்ணெய் ஆலையில் கிடைக்கும் கொழுப்பு அமிலங்களைச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்து உப்பாக்குகிறார்கள். முதல் வயிற்றில் புளிப்பு குறைவு என்பதால் அங்கே இந்த உப்பு பிரியாமல் கடந்துபோகும். நான்காம் வயிற்றின் கடும் அமிலத்தில் பிரிந்து, குடலில் உறிஞ்சப்படும். மாவுச்சத்தைவிடக் கொழுப்பில் ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் மாடு கூடுதலாக ஒரு கூடை தீனி தின்னாமலே கூடுதல் ஆற்றல் கிடைத்துவிடும்.

பைபாஸ் புரதத்தின் வேலை வேறு. கடலைப்புண்ணாக்கின் புரதத்தில் பெரும்பங்கை முதல் வயிற்று நுண்ணுயிரிகள் உடைத்து அம்மோனியாவாக்கி, அதிலிருந்து தங்கள் உடலை வளர்த்துக்கொள்கின்றன. அந்த நுண்ணுயிரிகளே பிறகு குடலில் செரிந்து மாட்டுக்குப் புரதமாகின்றன. எட்டு, பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இந்த ஏற்பாட்டிலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும். 20 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு அது போதாது. கூடுதலாகப் புண்ணாக்கைப் போட்டால் மிஞ்சும் அம்மோனியா யூரியாவாக மாறி மூத்திரத்தில் வெளியேறும். வாங்கிய காசும் அதோடு போய்விடும். புண்ணாக்கை அளவான ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தினால் புரதத்தின் ஒரு பகுதி முதல் வயிற்றில் உடையாமல் குடலுக்குப் போய்ச் சேரும். மருந்து கூடினால் குடலிலும் செரிக்காது என்பதால் இது வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல. தேங்காய்ப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் இந்தத் தன்மை ஓரளவு இயல்பாகவே உண்டு.

புரதம் முழுவதையும் பைபாஸாக்கிவிடவும் கூடாது. நுண்ணுயிரிகள் பட்டினி கிடந்தால் வைக்கோல் செரிக்காது. மொத்தப் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுக் கடந்த அளவு பைபாஸாக இருந்தால் போதும்.

இனிச் செலவுக்கு வருவோம். பைபாஸ் கொழுப்பு கிலோ 150 ரூபாய், பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் என்பது வழக்கமான அளவு. நம் மாட்டுக்கு 200 கிராம் கொடுத்தால் நாளுக்கு 30 ரூபாய். அந்த 200 கிராமில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பாலுக்குத் தேவையானதைவிடச் சற்று அதிகம். முழுவதும் மடிக்கே போனாலும் வரவு 35 ரூபாயைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பாலின் கொழுப்பு அளவு சிறிது ஏறினால், கொழுப்பு பார்த்து விலை போடும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சேரும்.

அன்றாடப் பாலை மட்டும் பார்த்தால் லாபம் மெல்லியதுதான். உண்மையான லாபம் பின்னால் வருகிறது. உச்சத்தில் ஒரு லிட்டர் கூடினால் அந்தக் கறவைக்காலம் முழுவதும் ஏறத்தாழ 200 லிட்டர் கூடும் என்பது பண்ணையாளர்களின் கணக்கு. மாடு இளைப்பது குறைந்து 21 நாள் சுற்று ஒன்று முன்னதாகச் சினை பிடித்தாலும், மூன்று வாரத் தீனிச் செலவு மிஞ்சும்.

எட்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இந்த இடைவெளியே கிடையாது. சாதாரணத் தீவனமே அதற்குப் போதும். கொடுக்கும் கொழுப்பு முதுகில்தான் படியும். ஐந்து மாதம் கடந்து சினையாகிவிட்ட மாட்டுக்கும் அப்படித்தான். சுருக்கமாக, ஈன்று நூறு நாளுக்குள் இருந்து 15 லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டுக்கே பைபாஸ் கொழுப்பு. பைபாஸ் புரதத்துக்கு வாசல் கொஞ்சம் தாழ்வு. சாதாரணப் புண்ணாக்கைவிடக் கிலோவுக்கு நான்கைந்து ரூபாய்தான் கூடுதல் என்றால், பன்னிரண்டு லிட்டர் கறக்கும் மாட்டுக்கே கட்டுபடியாகும். ஆனால் ஆற்றல் குறைவாக உள்ள மாடு அந்தப் புரதத்தையும் எரித்து ஆற்றலாக்கிவிடும் என்பதால், மக்காச்சோளமும் நல்ல பசுந்தீவனமும் முதலில் சரியாக இருக்க வேண்டும். தண்ணீரும் தாது உப்பும் அதற்கும் முந்தியவை.

கொடுக்கத் தொடங்கும்போது நாளுக்கு 50 கிராமில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். சோப்பு போன்ற வாடைக்காகச் சில மாடுகள் தீவனத்தையே ஒதுக்கும். அப்படி ஒதுக்கினால் கொடுப்பதன் நோக்கமே கெட்டுவிடும். இன்னொன்று, அடர்தீவனத்தை அள்ளிப் போட்டு முதல் வயிறு புளித்துக் கிடந்தால் கால்சியம் உப்பு அங்கேயே பிரிந்து, பச்சை எண்ணெயின் கெடுதலைச் செய்யும். சாணம் தண்ணீராகப் போவதும் மாடு அசைபோடுவது குறைவதும் அந்தப் புளிப்பின் அடையாளங்கள். அந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது நார்த்தீவனத்தைக் கூட்டுவது.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஈன்ற மூன்றாவது வாரத்தில் எதைக் கொடுத்தாலும் பால் ஏறத்தான் செய்யும், ஏனென்றால் அது ஏறும் காலம். பையில் அச்சிட்ட பெருமையும் பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வதும் பெரும்பாலும் இந்த ஏற்றத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஒரே ஈற்று, ஒரே காலத்தில் ஈன்ற இரண்டிரண்டு மாடுகளாகப் பிரித்து, ஒரு சோடிக்கு மட்டும் கொடுத்து மூன்று வாரம் பாலை அளந்து பாருங்கள். பால் உச்சம் கடந்த பிறகு ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். கறவை வழக்கமான சரிவைத் தாண்டி இறங்கவில்லை என்றால், அந்த மாட்டின் தீனி அதன் பாலை எட்டிப் பிடித்துவிட்டது, கொழுப்புப் பைக்கு இனி வேலை இல்லை. அடுத்த பையை அடுத்து ஈனப்போகும் மாட்டுக்கு வாங்கினால் போதும்.