இளஞ்சிவப்பு எங்கே நிற்கிறது?

குளியலறைக் கூரையில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும். "தண்ணி இறங்கிடுச்சு" என்று சொல்லி, சிமென்ட்டைப் பூசி மறைத்துவிட்டுப் போவார் கொத்தனார். தண்ணீர் இறங்கியது உண்மைதான். ஆனால் காங்கிரீட் போட்ட அன்றே கம்பி தண்ணீரில் குளித்ததே, அப்போது ஏன் துருப்பிடிக்கவில்லை?

சிமென்ட்டும் தண்ணீரும் சேரும்போது உள்ளே நிறையச் சுண்ணாம்பு பிறக்கிறது. அதனால் காங்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் ஈரம் கடும் காரமாகிறது; அதன் pH 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கிடக்கும் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. அது இருக்கும்வரை வெறும் ஈரத்தால் கம்பியைத் தொட முடியாது. கடலோர உப்பு அந்தப் படலத்தையே துளைக்கும். அது வேறு கதை.

படலத்தின் எதிரி காற்றில் இருக்கிறது. காற்றின் 10,000 பங்கில் கார்பன் டை ஆக்சைடு 4 பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அது துளைகள் வழியே நுழைந்து சுண்ணாம்பைச் சுண்ணக்கல்லாக மாற்றுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர்கள் நாளாக நாளாக இறுகியதும் இதே வினையால்தான். அவற்றில் கம்பி இல்லை, நட்டமுமில்லை. இங்கேயும் காங்கிரீட் பலவீனமாவதில்லை; சுத்தியலால் தட்டினால் நன்றாகவே ஒலிக்கும். ஆனால் pH 9-க்குக் கீழே இறங்கிவிடும், படலம் கரைந்துவிடும். அதன்பின் ஈரமும் காற்றும் இருந்தால் துருதான். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கீழே இருக்கும் காங்கிரீட் வெடித்துப் பெயர்கிறது.

காற்று எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பது எளிது. புதிதாக உடைத்த முகத்தில் தூசியைத் தட்டிவிட்டு, பள்ளி ஆய்வகத்தில் பார்த்த பினாப்தலீனைத் தெளிக்க வேண்டும். காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. 16 வருடக் கட்டடத்தில் நிறம் மாறாத பகுதி 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆழம் வருடங்களின் வர்க்கமூலத்தோடு வளரும்: 16-க்கு 4, ஆக ஒரு பங்குக்கு 3 மி.மீ. கம்பிக்குக் கீழே 20 மி.மீ. காங்கிரீட் இருந்தால், அதைக் கடக்க ஏறக்குறைய 44 வருடம். கவர் பிளாக் நழுவி 10 மி.மீ. மட்டும் இருந்தால் 11 வருடம் போதும். பாதி கவர், கால் ஆயுள்! சரியாக நீராற்றாத காங்கிரீட்டில் வெளித்தோல்தான் முதலில் காய்ந்து துளை மிகும். அந்தத் தோல்தான் கவர்.

நிறம் மாறாத பகுதி கம்பியைத் தொட்டுவிட்டது என்பதாலேயே துரு தொடங்கிவிட்டதாகப் பொருளில்லை. உலர்ந்த படுக்கையறைக் கூரையில் கம்பி பல வருடம் சும்மா கிடக்கும். குளியலறையிலும் சன்ஷேடின் அடியிலும் கிடக்காது. அங்கே மேலே பூசுவது வீண். கம்பியின் பின்புறம்வரை கொத்தி, தெளித்தால் இளஞ்சிவப்பு தெரிகிற இடம்வரை போய், துருவைச் சுரண்டிவிட்டுப் புதிய கலவையை வைக்க வேண்டும்.