சொல்லையும் இயலுமையையும் பெருக்கும் ரோபோ

"குடித்துக்கொண்டிருந்த பானம் கொட்டிவிட்டது, கொஞ்சம் உதவ முடியுமா?" என்று ஒருவர் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் துணியைத் தேடி எழுந்துவிடுவார். துடை என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் இல்லை. கேட்டவருக்கு அது தேவையுமில்லை. ரோபோவுக்கு இது எளிதல்ல. அதற்குப் பழக்கித் தந்தவை "ஸ்பாஞ்சைத் தேடு", "ஸ்பாஞ்சை எடு", "மேசைக்குப் போ" போன்ற சிறு செயல்கள் மட்டுமே. மனிதர் பேசும் வாக்கியங்களுக்கு எல்லை கிடையாது. ரோபோ செய்யக்கூடிய செயல்களோ ஒரு பட்டியலில் அடங்கிவிடும். முன்னதைப் பின்னதோடு பொருத்தும் வேலையை மொழி மாதிரியிடம் ஒப்படைத்த ஆய்வுகளில் முக்கியமானது, கூகுள் நிறுவனமும் எவ்ரிடே ரோபோட்ஸ் நிறுவனமும் 2022-இல் வெளியிட்ட சேகேன்.

மொழி மாதிரி என்பது ஏராளமான எழுத்துகளைப் படித்து, ஒரு வரிக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கும் மென்பொருள். கொட்டிய பானத்தைப் பற்றிய கேள்வியை அதனிடம் நேராகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஒரு மாதிரி வேக்வம் கிளீனரைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்றது. இன்னொன்று, தெரியாமல் கொட்டிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டது. பேச்சாக எடுத்துக்கொண்டால் இரண்டிலும் பிழையில்லை. ஆனால் அந்தச் சமையலறையில் வேக்வம் கிளீனர் இல்லை. மன்னிப்பு மேசையைத் துடைக்கவும் செய்யாது. மாதிரிக்கு உலகத்தைப் பற்றிய செய்தி தெரியும், தன் எதிரே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

சேகேன் இதற்குக் கண்டுபிடித்த வழி, மாதிரியை எழுதவே விடாமல் இருப்பது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு செயலையும் அதனிடம் காட்டி, "இந்த வேண்டுகோளுக்கு அடுத்த படியாக இந்த வரி வர எவ்வளவு வாய்ப்பு?" என்று மட்டும் கேட்கிறார்கள். பதிலாக வருவது ஓர் எண். 551 செயல்கள் இருந்தால் 551 எண்கள். மாதிரி புதிதாக எதையும் சொல்ல முடியாது. இருப்பவற்றை வரிசைப்படுத்தத்தான் முடியும். இந்த முறையின் பாதுகாப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது. "கத்தியை வீசு" என்பது பட்டியலில் இல்லையென்றால், எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் அந்தச் செயலை ரோபோவிடமிருந்து வரவழைக்க முடியாது.

அந்த எண் மட்டும் போதாது. ஒவ்வொரு செயலுக்கும் இரண்டாவதாக இன்னோர் எண் கணக்கிடப்படுகிறது: ரோபோ இப்போது நிற்கும் இடத்தில், அதன் கேமராவில் தெரியும் காட்சியில், இந்தச் செயல் வெற்றியாக முடிய எவ்வளவு வாய்ப்பு என்பது. இது பயிற்சியிலிருந்து வருகிறது. ஒரு செயலைப் பல முறை செய்ய வைத்து, முடிந்தால் 1, முடியாவிட்டால் 0 என்று மதிப்பெண் கொடுத்துப் பழக்கினால், எந்தக் காட்சியில் வெற்றி கிட்டும் என்று ரோபோ மெல்ல மெல்லக் கணிக்கக் கற்கிறது. இரண்டு எண்களையும் பெருக்கியதும் எது பெரிதோ, அதுவே அடுத்த செயல்.

விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்ளலாம். பானம் கொட்டியிருக்கிறது, ஸ்பாஞ்ச் ரோபோவின் கண்ணில் படவில்லை, எதிரே ஓர் ஆப்பிள் இருக்கிறது. மொழி மாதிரி "ஸ்பாஞ்சை எடு" என்பதற்கு 0.5, "ஸ்பாஞ்சைத் தேடு" என்பதற்கு 0.35, "ஆப்பிளை எடு" என்பதற்கு 0.01 தருகிறது. இயலுமைக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். காணாத ஸ்பாஞ்சை எடுக்க 0.1, தேட 0.9, எதிரே உள்ள ஆப்பிளை எடுக்க 0.9. பெருக்கினால் எடுப்பதற்கு 0.05, தேடுவதற்கு 0.315, ஆப்பிளுக்கு 0.009. தேடுவது வெல்கிறது. ஸ்பாஞ்ச் கண்ணில் பட்டதும், "தேடியாயிற்று" என்ற வரியையும் சேர்த்து மாதிரியிடம் மறுபடி கேட்கிறார்கள். இப்போது எடுக்கும் செயலின் இரண்டு எண்களும் உயர்ந்துவிடுகின்றன. இப்படியே படிப்படியாகப் போய், "முடிந்தது" என்ற வரி மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும்போது ரோபோ நிற்கிறது. அந்த "முடிந்தது" பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ரோபோவுக்கு ஓயும் வழியே இருக்காது.

101 வேண்டுகோள்களை வைத்து இதைச் சோதித்தார்கள். மாதிரிச் சமையலறையில் 84 சதவீதம் முறை திட்டம் சரியாக அமைந்தது. வேலை உண்மையில் முடிந்தது 74 சதவீதம். நிஜமான அலுவலகச் சமையலறையில் திட்டம் 81 சதவீதமாகத்தான் குறைந்தது. முடிந்த வேலையோ 60 சதவீதத்துக்கு இறங்கியது. புதிய இடத்தில் அதிகம் தடுமாறியது சொல்லைப் புரிந்துகொள்ளும் பகுதியல்ல, பொருளைப் பிடிக்கும் கை என்று இந்த எண்கள் காட்டுகின்றன. இயலுமைக் கணக்கை நீக்கி மொழி மாதிரியை மட்டும் நம்பியபோது சரியான திட்டம் 67 சதவீதமாகச் சரிந்தது.

தவறுகளில் கவனிக்க வேண்டியது மறுப்பு. "ஆப்பிள் அல்லாத ஏதாவது தின்பண்டம் கொண்டு வா" என்ற வகை வாக்கியங்களில் முறை தடுமாறியது. வாக்கியத்தில் ஆப்பிள் என்ற சொல் இருப்பதே ஆப்பிள் பற்றிய வரிகளின் வாய்ப்பைக் கூட்டிவிடுகிறது. செயலைத் தேர்வதற்கு முன் காரணத்தை ஒரு வரியில் சொல்ல வைத்தபோது நிலைமை மேம்பட்டது. பேச்சில் கேட்டால் இந்த ஆபத்து இன்னும் கூடும். பேச்சை எழுத்தாக்குவது தனிப் படி. அதில் நேரும் பிழை அடுத்த படிகள் எல்லாவற்றையும் தொடரும். தமிழில் "வேண்டும்" என்பதும் "வேண்டாம்" என்பதும் கடைசி அசையில்தான் பிரிகின்றன. இரைச்சலான சமையலறையில் அந்த அசை தவறிக் கேட்டால் பொருள் தலைகீழாகிவிடும். பட்டியலால் இதைத் தடுக்க முடியாது. தவறாகத் தேர்ந்த செயலும் பட்டியலில் உள்ளதுதானே.

பட்டியலின் இன்னொரு குறை, எந்த வேண்டுகோளுக்கும் அதில் ஏதோ ஒன்று முதலிடம் பெற்றுவிடும் என்பது. இரண்டு செயல்கள் கிட்டத்தட்ட சமமான எண் பெற்றாலும் பெரியதையே எடுப்பது பெரிய அபாயம். 2023-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் கூகுள் டீப்மைண்டும் வெளியிட்ட நோநோ என்ற ஆய்வு இதைக் கையில் எடுத்தது. மேசையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் ஓர் உலோகக் கிண்ணமும் இருக்க, "கிண்ணத்தை மைக்ரோவேவில் வை" என்று ஒருவர் சொல்கிறார். உலோகத்தை மைக்ரோவேவில் வைத்தால் தீப்பொறி பறக்கலாம். இந்த முறையில் மாதிரியின் எண்களை முன்பே ஒரு சோதனைத் தொகுப்பில் சரிபார்த்து, ஒரு வரம்பு குறிக்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்டும் செயல் ஒன்றே என்றால் ரோபோ செய்கிறது, ஒன்றுக்கு மேல் என்றால் "எந்தக் கிண்ணம்?" என்று கேட்கிறது. எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருக்கும் ரோபோ பயன்படாது. அதனால் எத்தனை சதவீதம் வேலை சரியாக முடிய வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து, அதற்கேற்ப வரம்பை அமைக்கிறார்கள்.

செயல் நடந்ததா என்பதும் தனிக் கேள்வி. சேகேனின் மொழிப் பகுதி "எடுத்தாயிற்று" என்று எழுதிக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விடும். ஸ்பாஞ்ச் கையிலிருந்து நழுவியது அதற்குத் தெரிய வராது. அதே 2022-இல் வந்த இன்னர் மோனோலாக் என்ற தொடராய்வில், செயல் வென்றதா தோற்றதா என்று கண்டறிந்து அதையும் ஒரு வரியாக மாதிரிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். தோல்வி என்று வந்தால் அது மீண்டும் முயலும், அல்லது வேறு வழி தேடும்.

பட்டியல் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் "தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வா" என்ற சாதுவான செயலின் வழியில் ஒரு குழந்தை குறுக்கே வரலாம். அதைத் தடுக்கும் காவல் மொழி மாதிரிக்கு வெளியே இருக்க வேண்டும். கூகுள் டீப்மைண்ட் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆட்டோஆர்டி ஆய்வில், எந்தச் சொல்லையும் பொருட்படுத்தாத இரண்டு காவல்கள் இருந்தன. மூட்டுகளில் விசை வரம்பு மீறினால் ரோபோ தானாகவே நின்றுவிடும். இயங்கும் எல்லா ரோபோக்களும் ஒரு மனிதரின் பார்வையில் இருக்கும், அவற்றை நிறுத்தும் சுவிட்ச் அவர் கையில் இருக்கும்.