வரிசையில் முதலாவதாக நிற்கும் பிள்ளை

எமது பாடசாலையில் காலைக் கூட்டத்துக்கு மாணவர்கள் உயர ஒழுங்கில்தான் நிற்பார்கள். குட்டையானவர் முன்னால், நெட்டையானவர் பின்னால். ஒன்பதாம் தரத்து மாணவன் ஒருவன் மூன்று வருடங்களாக அந்த வரிசையின் முதல் ஆள். அண்மையில் அவன் தினமும் பிந்தி வரத் தொடங்கினான். கூட்டம் முடிந்த பிறகுதான் வாசலைத் தாண்டுவான். தனியே அழைத்துக் கேட்டேன்.

“மௌலவி, என்ட சாச்சிட மகன் என்ன விட நாலு மாசம் எளயவன். உம்மா ரெண்டு பேரையும் சுவரோட நிப்பாட்டி அளந்து பாக்குறா. வளர்றதுக்கு பவுடர் ஒண்டு விக்கிறாங்களாம். அத வாங்கித் தரச் சொல்லுங்க.”

அடுத்த காலைக் கூட்டத்தில் பேசும் முறை என்னுடையதாக இருந்தது. விஞ்ஞான ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, யாருடைய பெயரையும் சொல்லாமல், இதைப் பற்றியே பேசினேன். அங்கே சொன்னதை உம்மாமாருக்காக இங்கே எழுதுகிறேன்.

நம் கை கால்களின் நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகே மென்மையான கசியிழையத் தட்டு ஒன்று உண்டு. அந்த எலும்புகள் நீள்வது அந்த இடத்தில்தான். பருவ வயதின் ஓமோன்கள் முதலில் அந்தத் தட்டை வேகமாக வளரச் செய்கின்றன. பிறகு அவையே அதை எலும்பாக்கி மூடிவிடுகின்றன. மூடிய பின் எந்தப் பவுடரும் எலும்பை நீட்டாது. மூடாத பிள்ளையும், ஒழுங்காகச் சாப்பிட்டு நோயின்றி இருந்தால், பவுடரால் கூடுதலாக வளரப் போவதில்லை.

பருவம் தொடங்கும் காலமோ பிள்ளைக்குப் பிள்ளை நான்கைந்து வருடம் வித்தியாசப்படும். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக வளர்கிறார்கள். ஏழாம் தரத்தில் மாணவிகள் மாணவர்களை விட உயர்ந்து நிற்பதன் காரணம் இதுதான். பெண் பிள்ளை பெரிய பிள்ளையாகும்போது அவளது வேகமான வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருக்கும். அதன்பின் பொதுவாக 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரைதான் கூடும். நெட்டையாகிவிட்டோமே என்று கூனி நடக்கும் மாணவிகளுக்கும் இதைச் சொன்னேன்.

பிறகு இரண்டு மாணவர்களைக் கற்பனை செய்யச் சொன்னேன். இருவருக்கும் வயது 14. ஒருவன் 166 சென்ரிமீற்றர், மற்றவன் 148. முதலாமவன் முந்தியே வளரத் தொடங்கியவன், கடந்த வருடம் அவனுக்குக் கூடியது 3 சென்ரிமீற்றர்தான். மற்றவனுக்கு இன்னும் பருவமே தொடங்கவில்லை. 18 வயதில் முதலாமவன் 170, இரண்டாமவன் 168 என்று நிற்கக்கூடும். இன்று இருவரையும் சுவரோடு நிறுத்தி அளப்பது, ஓட்டத்தை முடிக்கும் தறுவாயில் இருப்பவனையும் இன்னும் புறப்படாதவனையும் ஒப்பிடுவதாகும்.

எல்லோரும் கடைசியில் சமமாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அது பொய்யாகிவிடும். இறுதி உயரத்தைப் பெரும்பாலும் பெற்றோரின் உயரம் தீர்மானிக்கிறது. வாப்பாவின் உயரத்தையும் உம்மாவின் உயரத்தையும் கூட்டி, ஆண் பிள்ளையானால் 13 சேர்த்து, பெண் பிள்ளையானால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். வாப்பா 165, உம்மா 152 என்றால் மகனுக்கு 165, மகளுக்கு 152. இதிலிருந்து எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் கூடலாம், குறையலாம்.

பிள்ளையை அவனுடைய பழைய அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். செருப்பில்லாமல், குதிக்கால் சுவரில் பட, தலைமேல் தட்டையான புத்தகம் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை காலை வேளையில் அளந்தால் போதும். மாலையில் எல்லோருமே ஒரு சென்ரிமீற்றர் அளவில் குறைவோம்! பருவத்துக்கு முன் வருடத்துக்கு 4 சென்ரிமீற்றருக்குக் குறைவாக வளர்ந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பெண் பிள்ளைக்கு 13, ஆண் பிள்ளைக்கு 14 வயதாகியும் பருவத்தின் அடையாளமே இல்லையென்றாலும் அப்படித்தான்.

அந்த மாணவனுக்கு 14 கடந்திருந்தது. உம்மாவை அழைத்துப் பேசினேன். அவர் சிறிது யோசித்து, “இவர்ட வாப்பாவும் ஓ.எல். எழுதக்குள்ள சின்னப் பொடியனாத்தான் இருந்தாராம்” என்றார். ஆனாலும் வைத்தியரிடம் கொண்டுபோனார். இரத்தமும் சோதித்து, இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வேறு நோய் ஏதுமில்லை. எலும்பின் வயது 12 என்று சொன்னார்களாம். அதாவது, வாப்பாவைப் போலவே பிந்தி வளரும் பிள்ளை. ஆறு மாதத்தில் திரும்பவும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

காலைக் கூட்டத்தில் இப்போதும் அவன்தான் முதலாவது. நேரத்துக்கு வருகிறான். வீட்டுச் சுவரில் சாச்சி மகனின் கோடுகளை உம்மா அழித்துவிட்டாராம்.